ஆறு ஜிபிக்குள் ஒரு மொழி மாதிரி

“அண்ணே, பொன்னி 5 கிலோ, து.பருப்பு அரை, மல்லி அரைச்சது கால் கிலோ, நல்லெண்ண ஒண்ணு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பி விடுங்க.”

மளிகைக் கடைகளின் செல்பேசிக்கு இப்படித்தான் செய்திகள் வருகின்றன. கடைப் பையன் படித்தவுடன் பொருளை எடுத்துக் கட்டிவிடுவான். ஆனால் பில் போடும் கணினிக்கு அதே செய்தி இந்த வடிவத்தில் வேண்டும்:

```
பொன்னி அரிசி | 5 | கிலோ
துவரம் பருப்பு | 0.5 | கிலோ
மல்லித்தூள் | 0.25 | கிலோ
நல்லெண்ணெய் | 1 | லிட்டர்
```

முதல் வடிவத்திலிருந்து இரண்டாவதுக்குப் போவது சாதாரண நிரலுக்குச் சிரமம். ‘அரை’ என்றால் ஓரிடத்தில் 0.5, ‘அரைச்சது’ என்றால் மாவு அல்லது தூள். ‘து.பருப்பு’, ‘உ.பருப்பு’ என்று ஆளுக்கொரு சுருக்கம். ‘ஒண்ணு’ என்பது எண்ணெய்க்கு லிட்டர், சோப்புக்கு எண்ணிக்கை. விதி எழுதிக்கொண்டே போனால் விதிகள் முடியாது. இங்கேதான் மொழி மாதிரி கைகொடுக்கும். வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, வாங்கும் பழக்கம் எல்லாம் அடங்கிய செய்திகளை வெளியே எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பாமல், கடையில் இருக்கும் லேப்டாப்பிலேயே ஒரு சின்ன மாதிரியைப் பழக்கி இந்த வேலையை வாங்க முடியுமா? முடியும். அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்க்கிறது.

லேப்டாப்பில் 6 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்டிஎக்ஸ் 3060, 4050 வகை லேப்டாப்புகளில் இந்த அளவுதான் இருக்கிறது. மாதிரிக்கு, அலிபாபா நிறுவனம் 2024இல் இலவசமாக வெளியிட்ட க்வென் 2.5 வரிசையில் 1.5 பில்லியன் அளவுள்ளதை எடுத்துக்கொள்வோம். கட்டளைக்குப் பதில் சொல்லப் பழக்கப்பட்ட ‘இன்ஸ்ட்ரக்ட்’ வடிவம் அது. வணிகத்துக்கும் பயன்படுத்த உரிமம் இடம் தருகிறது. பழக்காமல் அப்படியே மேலே உள்ள செய்தியைக் கொடுத்தால் இத்தனை சிறிய மாதிரியிடம் நம்பகமான பதில் வராது. ஒருமுறை பட்டியல் தரும், ஒருமுறை விளக்கம் எழுதும், ஒருமுறை ‘து.’ என்பதற்கு ஏதோ ஒரு பருப்பைப் போடும். மொழி ஓரளவு தெரியும். நம் கடையின் வழக்கம்தான் தெரியாது.

இடம் எங்கே போகிறது

மாதிரி என்பது எண்களின் பெரிய தொகுப்பு. நாம் எடுத்துக்கொண்டதில் சுமார் 154 கோடி எண்கள் இருக்கின்றன. பழக்குவது என்றால், ஒரு செய்தியைக் கொடுத்து, மாதிரி சொன்ன பதிலுக்கும் சரியான பதிலுக்கும் உள்ள விலகலைக் கணக்கிட்டு, அந்த விலகல் குறையும்படி எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவது.

வழக்கமான முறையில் எல்லா எண்களையும் திருத்துவார்கள். அப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு பொருள்களை நினைவகத்தில் வைக்க வேண்டும். எண், அதை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்ற சாய்வு, பிறகு ‘ஆடம்’ என்ற திருத்தும் முறை கேட்கிற இரண்டு சராசரிகள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் எண் ஒன்றுக்கு 16 பைட். 154 கோடியை 16ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 24.6 ஜிபி. நம்மிடம் இருப்பது 6.

இதைக் கவனமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். மாதிரியைச் சும்மா ஓட்டுவதற்கு இவ்வளவு இடம் வேண்டாம். பதினாறு பைட்டில் பன்னிரண்டு பைட் திருத்துவதற்காக மட்டுமே செலவாகிறது. எனவே திருத்தப்படும் எண்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் இடப் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எதைத் திருத்தாமல் விடுவது என்பதுதான் கேள்வி.

ஒரு வாய்ப்பாட்டில் எத்தனை எண்கள்

மாதிரிக்குள் இருக்கும் எண்கள் பெரிய பெரிய கட்டங்களாக, அதாவது அணிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் மாதிரியில் ஒரு முக்கியமான அணிக்கு 1536 வரிசை, 1536 நிரல். மொத்தம் 23,59,296 எண்கள்.

பள்ளியில் படித்த பெருக்கல் வாய்ப்பாட்டை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பத்துக் கட்டமாக எழுதினால் நூறு எண்கள். ஆனால் அந்த நூறையும் யாருக்காவது அனுப்ப வேண்டுமானால் நூறையும் எழுத வேண்டியதில்லை. மேலே ஓரத்தில் ஒன்று முதல் பத்து, இடது ஓரத்தில் ஒன்று முதல் பத்து, ஆக இருபது எண்கள் போதும். மிச்சம் எல்லாம் பெருக்கினால் வந்துவிடும். கணிதத்தில் இப்படிப்பட்ட கட்டத்தின் ‘ரேங்க்’ ஒன்று என்பார்கள். தமிழ்ப் பாடநூல்களில் இதற்குத் தரம் என்று பெயர். இரண்டு வாய்ப்பாடுகளைக் கட்டத்துக்குக் கட்டம் கூட்டினால் ரேங்க் இரண்டு வரை போகலாம், பதினாறைக் கூட்டினால் பதினாறு வரை. கட்டம் பெரிதாகவும் ரேங்க் சிறிதாகவும் இருந்தால், பிரம்மாண்டமான கட்டத்தை ஓரத்து எண்களை மட்டும் வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

மைக்ரோசாஃப்டில் எட்வர்ட் ஹூவும் உடன் பணியாற்றியவர்களும் 2021இல் வெளியிட்ட லோரா முறையின் உள்ளடக்கம் இதுதான். மாதிரியின் அசல் அணியை உறைய வைத்துவிடு, அதில் ஓர் எண்ணையும் தொடாதே. அதற்கு மேலே கூட்ட வேண்டிய திருத்தத்தை மட்டும் ரேங்க் குறைந்த அணியாகக் கற்றுக்கொள். அந்தத் திருத்தத்தை A, B என்ற இரண்டு ஒல்லியான அணிகளின் பெருக்கலாக எழுதுகிறார்கள்:

```
W + (alpha / r) × B × A
```

W என்பது தொடாத அசல். r என்பது நாம் தேர்ந்தெடுக்கும் ரேங்க். alpha என்பது திருத்தத்தின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் எண். ரேங்க் 16 என்று வைத்தால், 1536க்கு 1536 அணிக்கு A, B இரண்டும் சேர்ந்து 49,152 எண்கள்தான். அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. இந்த A, B ஜோடிகளுக்குத்தான் அடாப்டர் என்று பெயர்.

திருத்தம் இவ்வளவு எளிமையாக இருக்கும் என்று எதை வைத்து நம்புவது? இதற்கு முன்பே ஒரு தடயம் கிடைத்திருந்தது. ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2020இல், ரோபெர்ட்டா என்ற மாதிரியை எடுத்து, இரண்டு வாக்கியங்கள் ஒரே பொருள் தருகின்றனவா என்று சொல்லும் வேலைக்குப் பழக்கிப் பார்த்தார்கள். வெறும் 200 எண்களைத் திருப்பி விளையாடியே முழுத் திருத்தத்தின் 90 சதவீதத் திறனை எட்ட முடிந்தது. நன்றாகப் படித்த மாதிரிக்கு ஒரு புதிய வேலையைச் சொல்லித்தர, மிகக் குறைவான திசைகளில் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்பதே இதன் பொருள். லோரா இதைப் பெரிய மாதிரிகளில் செய்து காட்டியது. 17,500 கோடி எண்கள் கொண்ட ஜிபிடி-3க்கு, திருத்தும் எண்களை அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

மளிகைக் கடை வேலைக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிறது. நாம் மாதிரிக்குப் புதிய மொழியைக் கற்பிக்கவில்லை. எந்தச் சுருக்கம் எந்தப் பொருள், பதிலை எந்த வடிவத்தில் எழுத வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற பழக்கத்தைத்தான் கற்பிக்கிறோம். பழக்கத்துக்குச் சின்னத் திருத்தம் போதும்.

அசலைத் தொடாவிட்டாலும் நினைவகத்தில் அது இருந்தாக வேண்டுமே? வழக்கமான 16 பிட் வடிவில் நம் மாதிரிக்கு 3.1 ஜிபி வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிம் டெட்மெர்ஸும் குழுவினரும் 2023இல் கொண்டுவந்த க்யூலோரா இதையும் சுருக்கியது. உறைந்த எண்களை 4 பிட்டில், அதாவது பதினாறே படிநிலைகளில் சேமிக்கிறது. மாதிரியின் எண்களில் பெரும்பாலானவை பூஜ்யத்தை ஒட்டியே குவிந்திருப்பதால், படிநிலைகளைப் பூஜ்யத்துக்கு அருகே நெருக்கமாகவும் விலகிப் போகப்போக அகலமாகவும் வைக்கிறார்கள். பெருக்கல் நடக்கும் கணத்தில் மட்டும் அந்தந்த அணியை 16 பிட்டுக்கு விரித்துக்கொள்கிறது. 6,500 கோடி எண்கள் கொண்ட மாதிரியை 48 ஜிபி கொண்ட ஒரே கார்டில் பழக்க முடிந்தது இதனால்தான்.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதிரியின் சொல் அட்டவணை அணி ஒன்று 4 பிட்டுக்குப் போகாமல் 16 பிட்டிலேயே நிற்கும். அதற்குச் சுமார் 0.47 ஜிபி. மீதி எல்லாம் 4 பிட்டில் 0.66 ஜிபி அளவு. ஆக அசல் மாதிரி 1.2 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. பைத்தானில் இதற்கான அமைப்பு இவ்வளவுதான்:

```python
bnb = BitsAndBytesConfig(
    load_in_4bit=True,
    bnb_4bit_quant_type="nf4",
    bnb_4bit_use_double_quant=True,
    bnb_4bit_compute_dtype=torch.bfloat16)

lora = LoraConfig(
    r=16, lora_alpha=32, lora_dropout=0.05,
    target_modules="all-linear",
    task_type="CAUSAL_LM")
```

`all-linear` என்ற சொல்லைக் கவனியுங்கள். லோரா வந்த புதிதில் கவனக் கட்டமைப்பில் உள்ள ஓரிரு அணிகளுக்கு மட்டும் அடாப்டர் போடுவார்கள். முழுத் திருத்தத்துக்கு இணையான தரம் வேண்டுமானால் மாதிரியின் எல்லா அடுக்கிலும் உள்ள எல்லா நேரியல் அணிகளுக்கும் போட வேண்டும் என்று க்யூலோரா ஆய்வு காட்டியது. ரேங்கைக் கூட்டுவதைவிட இது முக்கியம். மாதிரியை ஏற்றி அடாப்டரைப் பொருத்தியபின் `print_trainable_parameters()` என்று கேட்டால் திரையில் வருவது:

```
trainable params: 18,464,768 || all params: 1,562,179,072 || trainable%: 1.1820
```

திருத்தப்படுவது 1.85 கோடி எண்கள். எண்ணுக்கு 16 பைட் வீதம் 0.3 ஜிபி. 24.6 ஜிபி கேட்ட வேலை, மாதிரியும் அடாப்டரும் சேர்ந்து 1.5 ஜிபியில் வந்து நிற்கிறது. 6 ஜிபி கார்டில் நான்கரை ஜிபி மிச்சம். அந்த மிச்சம் எங்கே போகிறது என்பதில்தான் தமிழில் வேலை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தமிழ் எழுத்து கேட்கும் கூலி

மாதிரி எழுத்துகளை நேரடியாகப் பார்ப்பதில்லை. உரையை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஓர் எண் கொடுத்துத்தான் உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வழக்கமான சொல் பெரும்பாலும் ஒரே துண்டாக அமைந்துவிடும். தமிழுக்கு அந்த வசதி இல்லை. ‘துவரம்பருப்பு’ என்ற சொல்லில் எட்டு எழுத்துகள். கணினியின் யூனிகோட் கணக்கில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் பதின்மூன்று குறிகள். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வீதம் முப்பத்தொன்பது பைட். க்வென் போன்ற மாதிரிகளின் வெட்டும் முறை பைட்டுகளிலிருந்து தொடங்கி, அடிக்கடி சேர்ந்து வருபவற்றை ஒட்டிக்கொண்டே போவது. அது பார்த்த உரையில் தமிழ் குறைவு என்பதால் ஒட்டுதலும் குறைவு. ஒரு சொல் பல துண்டாகச் சிதறுகிறது. எடுத்த எடுப்பில் இதைச் சோதித்துவிடுவது நல்லது:

```python
tok = AutoTokenizer.from_pretrained("Qwen/Qwen2.5-1.5B-Instruct")
print(len(tok("துவரம்பருப்பு")["input_ids"]))
```

இதற்கும் நினைவகத்துக்கும் என்ன தொடர்பு? மாதிரி ஒவ்வொரு துண்டின் இடத்திலும் ‘அடுத்து வருவது எது’ என்று தன் சொல் அட்டவணை முழுவதற்கும் மதிப்பெண் போடுகிறது. க்வென் அட்டவணையில் 1,51,936 இடங்கள். உரை ஆயிரம் துண்டாக இருந்தால் ஆயிரத்தை 1,51,936ஆல் பெருக்கி, ஒவ்வொன்றுக்கும் 4 பைட் போட வேண்டும். அது மட்டுமே 0.6 ஜிபி. பழக்கும்போது இதே அளவில் சாய்வுக்கும் இடைக்கணக்குக்கும் இன்னும் ஓரிரு பிரதிகள் உருவாகும். ஒரு நீளமான செய்தி வந்தால் போதும், இரண்டு ஜிபி சட்டென்று காணாமல் போகும். கல்யாண வீட்டு மளிகைப் பட்டியல் ஒன்று தரவில் இருந்தால், அதன் முறை வரும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடி, அந்த இடத்தில் `CUDA out of memory` என்று நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்பதுபோலத் தோன்றினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தரவு குலுக்கப்படுவதால் அந்த நீளமான செய்தியின் முறை மாறி மாறி வருகிறது.

விண்டோஸில் இன்னொரு விதமாகவும் இது வெளிப்படும். பிழைச் செய்தியே வராது. கார்டில் இடம் தீர்ந்ததும் என்விடியா டிரைவர் கணினியின் சாதாரண ரேமிலிருந்து இடம் எடுத்துக்கொள்ளும். வேலை நிற்காது, ஆனால் பல மடங்கு மெதுவாகும். டாஸ்க் மேனேஜரில் ‘ஷேர்டு ஜிபியு மெமரி’ என்ற கோடு ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தீர்வு சிக்கலானதல்ல. உரையின் நீளத்துக்கு 512 துண்டு என்று வரம்பு வையுங்கள். ஆனால் வரம்பைத் தாண்டும் செய்திகளை நடுவில் வெட்டவிடாதீர்கள். வெட்டினால் பதிலின் வால் அறுந்துபோகும், பட்டியலைப் பாதியில் விடும் பழக்கத்தை மாதிரி கற்றுக்கொள்ளும். நீளமானவற்றை நீங்களே இரண்டு செய்தியாகப் பிரித்துவிடுங்கள். ‘நீ ஒரு மளிகைக் கடை உதவியாளர்’ என்று தொடங்கும் நீண்ட முன்னுரைகளும் வேண்டாம். அந்த வழக்கத்தைத்தான் அடாப்டருக்குள் வைக்கப் போகிறோம். ஒரு நேரத்தில் ஒரே செய்தியைக் கொடுத்து, பதினாறு செய்திகளின் சாய்வைக் கூட்டிவைத்து ஒருமுறை திருத்தச் சொல்லுங்கள். பதினாறையும் ஒன்றாகக் கொடுத்ததற்குச் சமமான திருத்தம், ஒன்றுக்கான இடத்திலேயே கிடைக்கும். கிரேடியன்ட் செக்பாயின்ட்டிங் என்ற வசதியையும் போட்டுக்கொள்ள வேண்டும். இடைக்கணக்குகளை வைத்துக்கொள்ளாமல் தேவைப்படும்போது மறுபடி கணக்கிடும் முறை அது. நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும், இடம் பெரிதும் மிஞ்சும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லோரா மிச்சம் பிடிப்பது இடத்தை, நேரத்தை அவ்வளவாக அல்ல. உறைந்த அணிகள் வழியாகவும் கணக்கு முன்னும் பின்னும் ஓடித்தான் ஆக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 450 செய்திகள், மூன்று சுற்று, பதினாறுக்கு ஒரு திருத்தம் என்றால் மொத்தம் எண்பத்தைந்து திருத்தங்கள் அளவுக்குத்தான் வரும். 6 ஜிபி கார்டில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காமல், மின்சாரத்தில் இணைத்து, காற்று போகும்படி வைத்திருந்தால் போதும்.

தரவும் நிறுத்தக் குறியும்

ஐந்நூறு செய்திகளைக் கையால் தயார் செய்வதுதான் உண்மையான உழைப்பு. அதில் ஐம்பதைத் தொடக்கத்திலேயே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். பழக்கும்போது மாதிரி அவற்றைப் பார்க்கவே கூடாது. மீதி 450இல், வழக்கத்தில் குழப்பம் வரும் இடங்களுக்கு வேண்டுமென்றே இடம் கொடுங்கள். ‘மல்லி அரை கிலோ’, ‘மல்லி அரைச்சது அரை கிலோ’ இரண்டும் இருக்கட்டும். ‘கால்’, ‘முக்கால்’, ‘ஒன்றரை’, ‘1½’, ‘1.5’ எல்லாம் வரட்டும். அளவே சொல்லாத செய்திக்கு என்ன எழுத வேண்டும் என்பதையும் நீங்கள் முடிவு செய்து காட்ட வேண்டும். அளவு இடத்தில் கேள்விக்குறி போடச் சொல்லிக் காட்டாவிட்டால், மாதிரி தானாக ஓர் எண்ணைப் போட்டுவிடும். கடையில் அது பிழையான பில்லாகிவிடும்.

மாதிரிக்கு ஒவ்வொரு செய்தியும் இந்த உருவில் போகிறது. தொடக்கத்தில் வரும் சிஸ்டம் வரியை மட்டும் இங்கே விட்டிருக்கிறேன்:

```
<|im_start|>user
பொன்னி 5 கிலோ, து.பருப்பு அரை<|im_end|>
<|im_start|>assistant
பொன்னி அரிசி | 5 | கிலோ
துவரம் பருப்பு | 0.5 | கிலோ<|im_end|>
```

இந்த அடையாளங்களை மாற்றக் கூடாது. மாதிரி இந்த உருவில்தான் முன்பு பழக்கப்பட்டது. விலகலைக் கணக்கிடும்போது பதில் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் வரிகளையும் சேர்த்தால், இருக்கும் சின்ன அடாப்டரின் திறனில் ஒரு பகுதி வாடிக்கையாளரைப்போல எழுதப் பழகுவதில் வீணாகும்.

கடைசியில் உள்ள `<|im_end|>` என்பதுதான் ‘முடிந்தது, நிறுத்து’ என்ற குறி. இங்கே நடக்கும் ஒரு தவறு மிகப் பரவலானது, காரணம் கண்டுபிடிக்கக் கடினமானது. உரைகளை ஒரே நீளமாக்க ஓரத்தில் வெற்று டோக்கன் நிரப்புவார்கள், அதை விலகல் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வேறு மாதிரிகளுக்கான வழிகாட்டிகளில் `tokenizer.pad_token = tokenizer.eos_token` என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே இங்கே எடுத்துப் போட்டால் நிறுத்தக் குறியும் நிரப்பும் குறியும் ஒன்றாகிவிடும். பல கருவிகள் நிரப்பும் குறியைக் கணக்கிலிருந்து நீக்கும்போது உண்மையான நிறுத்தக் குறியையும் சேர்த்தே நீக்கிவிடும். பழக்கும்போது எந்தக் கோளாறும் தெரியாது. ஓட்டிப் பார்த்தால் நான்கு பொருளைச் சரியாக எழுதிவிட்டு, ஐந்தாவதாக யாரும் கேட்காத சர்க்கரை, ஆறாவதாக உளுந்து என்று எழுதிக்கொண்டே போகும். மாதிரிக்கு எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தரவே இல்லை என்பதன் அடையாளம் அது. க்வெனுக்கு நிரப்புவதற்கென்றே `<|endoftext|>` என்ற தனிக் குறி இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டாலே போதும்.

ஓடும்போது எதைப் பார்ப்பது

திரையில் ‘லாஸ்’ என்ற எண் ஓடிக்கொண்டிருக்கும். சரியான அடுத்த துண்டைக் கண்டு மாதிரி எவ்வளவு தடுமாறுகிறது என்பதன் அளவு அது. கண்ணை மூடிக்கொண்டு அட்டவணையிலிருந்து ஏதோ ஒன்றைச் சொன்னால் இது 11.9 அளவில் இருக்கும். எனவே தொடக்கத்திலேயே பத்து, பன்னிரண்டு என்று வந்தால் கற்றலில் அல்ல, மாதிரியை ஏற்றியதிலோ உரையின் உருவிலோ கோளாறு. அடாப்டரில் B அணி முழுவதும் பூஜ்யமாகத் தொடங்குவதால், முதல் திருத்தத்துக்கு முன் அடாப்டர் போட்ட மாதிரியும் போடாத மாதிரியும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும். நேரம் செலவிடும் முன் இதை ஒருமுறை சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

திருத்தத்தின் வேகத்துக்கு `2e-4` நல்ல தொடக்கம். முழு மாதிரியைத் திருத்தும்போது இதில் பத்தில் ஒரு பங்குதான் வைப்பார்கள், அடாப்டர் இந்த வேகத்தைத் தாங்கும். லாஸ் இறங்காமல் குதித்துக்கொண்டிருந்தாலோ `nan` என்று வந்தாலோ வேகத்தைப் பாதியாக்குங்கள். அசையாமலே நின்றால் வேறு காரணம் இருக்கும். செக்பாயின்ட்டிங் போட்டு, உறைந்த மாதிரியைப் பழக்கத்துக்குத் தயார்செய்யும் `prepare_model_for_kbit_training` என்ற படியை விட்டுவிட்டால், சாய்வு அடாப்டர்வரை வந்து சேராமலே போகலாம்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தனியே வைத்த ஐம்பதின் லாஸையும் பாருங்கள். பழக்கும் தரவில் இறங்கிக்கொண்டே போய், இந்த ஐம்பதில் ஏறத் தொடங்கினால் மாதிரி உங்கள் 450 செய்திகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டது. அந்தச் சுற்றுக்கு முந்தையதை வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். ஆனால் லாஸ் என்ற எண்ணை மட்டும் நம்பிக் கடையில் வைக்கக் கூடாது. ஐம்பது செய்திக்கும் பதில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு வரியும் எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று எண்ணுங்கள். பழக்குவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை. தவறானவற்றைக் கையில் எடுத்துப் படியுங்கள். கடைசிப் பொருளை விட்டிருக்கிறதா, ‘முக்கால்’ என்பதில் மட்டும் தடுமாறுகிறதா, ‘உ.பருப்பு’ பாசிப்பருப்பாகியிருக்கிறதா? பெரும்பாலும் தவறுகள் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கும். அந்த வகையில் முப்பது, நாற்பது செய்திகளைப் புதிதாக எழுதிச் சேர்த்து மறுபடி பழக்குவது, ரேங்கை 16இலிருந்து 64 ஆக்குவதைவிட அதிகப் பலன் தரும்.

பழக்கி முடித்தபின் கையில் கிடைப்பது `adapter_model.safetensors` என்ற ஒரு கோப்பு. நம் அமைப்பில் எண்ணுக்கு 4 பைட் வீதம் 74 எம்பி. அசல் மாதிரி தொடப்படவே இல்லை. அடாப்டரைக் கழற்றினால் பழைய க்வென் அப்படியே இருக்கும். நாளை மருந்துக் கடைக்காரர் ஒருவருக்கு இதே வேலை தேவையென்றால் அவருடைய செய்திகளை வைத்து இன்னொரு 74 எம்பி கோப்பு, அதே அசலின் மேல். அடாப்டரை நிரந்தரமாக அசலோடு கலந்துவிட விரும்பினால் 16 பிட் அசலை ஏற்றி அதனோடு கலக்க வேண்டும். 4 பிட்டிலேயே கலந்தால் மறுபடி பதினாறு படிநிலைக்குள் அடைக்கும்போது நுண்ணிய திருத்தங்களில் ஒரு பகுதி தொலைந்துபோகும்.

என்விடியா கார்டு இல்லாதவர்களும் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. ஆப்பிளின் எம் வரிசை லேப்டாப்புகளில் எம்எல்எக்ஸ் என்ற கருவித் தொகுப்பில் இதே லோரா ஓடும். வெறும் சிபியுவில் செய்ய முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிக மெதுவாக இருக்கும், தவறைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கப் பொறுமை மிஞ்சாது.

இந்த முறைக்குக் கொடுக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. இன்றைய துவரம் பருப்பு விலையை அடாப்டருக்குள் வைக்க முயலாதீர்கள். விலை நாளைக்கு மாறும். மாறாவிட்டாலும், சில நூறு எடுத்துக்காட்டுகளில் புதிய தகவலைத் திணித்தால் தெரியாத விலையையும் தெரிந்ததுபோலச் சொல்லும் பழக்கம் மாதிரிக்கு வந்துவிடும். விலை கணினியில் உள்ள பட்டியலில் இருக்கட்டும், மாதிரி பொருளின் பெயரையும் அளவையும் எடுத்துத் தரட்டும். 2024இல் வந்த ஓர் ஆய்வு, நிரல் எழுதுவது, கணிதம் போன்ற கடினமான புதிய துறைகளில் லோரா முழுத் திருத்தத்தைவிடக் குறைவாகவே கற்கிறது, அதே சமயம் பழையதைக் குறைவாகவே மறக்கிறது என்று கண்டது. நம் கடைக்கு இரண்டாவது பாதி லாபம், முதல் பாதி தடையில்லை.

தமிழில் கடிதம் எழுத, நீண்ட கேள்விக்கு விளக்கம் சொல்ல இந்த அளவு மாதிரி போதாது, எந்த அடாப்டர் போட்டாலும் போதாது. அசலுக்கே தெரியாத தமிழை 1.85 கோடி எண்களில் கொண்டுவர முடியாது. அதற்கு, சொல் அட்டவணையில் தமிழுக்கு அதிக இடம் கொடுத்த கெம்மா போன்ற மாதிரிகளையும் பெரிய கார்டையும் தேட வேண்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு வேலை, குறிப்பிட்ட ஒரு வடிவம், சரியா தவறா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் என்றால் 6 ஜிபி லேப்டாப் போதும். தொடங்க நினைப்பவர்கள் நிரலைத் திறக்கும் முன் ஐம்பது செய்திகளையும் அவற்றுக்கான சரியான பதில்களையும் தாளிலாவது எழுதிவிடுங்கள். அந்த ஐம்பதை எழுத முடியவில்லை என்றால், மாதிரியிடம் என்ன கேட்கிறோம் என்பது இன்னும் முடிவாகவில்லை.